மருந்துக்கடையில் எனக்குக் கிடைத்த பெட்டி, அம்மாவுக்குக் கிடைக்காத கதை

பல் வேரில் சீழ் கட்டியதற்காகக் கொடுத்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் முடியப்போகும் நேரத்தில் எனக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் லேசாகத்தான் இருந்தது. அப்புறம் உட்கார முடியவில்லை, நடந்தால் உரசல், ராத்திரி தூக்கம் போச்சு. வெளித்தோல் சிவந்து வீங்கியிருந்தது. திரிந்த பால் மாதிரி கெட்டியாக, வெள்ளைத் துணுக்குகளாக வெளிப்பட்டது. வாடை எதுவும் இல்லை. சிறுநீர் போகும்போது எரிந்தது. ஆனால் அந்த எரிச்சல் உள்ளே இல்லை, புண்ணான வெளித்தோலில் சிறுநீர் படும்போதுதான்.

இதே தொல்லை சில வருடங்களுக்கு முன்பும் வந்திருக்கிறது. அப்போது டாக்டர் பரிசோதித்து, கேண்டிடா என்ற பூஞ்சை என்று சொல்லியிருந்தார். அது பல பெண்களின் உடலில் எந்தத் தொந்தரவும் தராமல் இருப்பதுதான். பிறப்புறுப்பில் அமிலத்தன்மையைக் காப்பாற்றுகிற நல்ல பாக்டீரியாக்களை ஆன்டிபயாட்டிக் கொன்றுவிட்டால், பூஞ்சை தடையில்லாமல் பெருகிவிடுகிறது. அதனால் இந்த முறை எனக்குக் காரணமும் தெரிந்திருந்தது, அறிகுறியும் பழகியதாக இருந்தது. நான் இருப்பது லண்டன், ஈஸ்ட் ஹாம் பக்கம். இங்கே இதை த்ரஷ் என்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் இதற்கு மருந்து வாங்கலாம்.

கவுண்டரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. முன்னால் நின்ற இரண்டு பேரும் தமிழ்க்காரர்கள் வேறு. "தனியாகப் பேச முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப் போனார் ஃபார்மசிஸ்ட். பெரும்பாலான கடைகளில் இப்படி ஒரு அறை உண்டு. கேட்டால் காரணம் கூட விசாரிக்க மாட்டார்கள்.

பெட்டியை எடுத்து நீட்டுவார் என்று நினைத்தால், கேள்விகள்தான் வந்தன. வயது என்ன? (பதினாறுக்குக் கீழேயும் அறுபதுக்கு மேலேயும் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள்.) இதற்கு முன்னால் டாக்டர் யாராவது இதுதான் என்று உறுதி செய்திருக்கிறாரா? கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை வந்தது? கடைசியாக மாதவிலக்கு எப்போது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? சர்க்கரை நோய் இருக்கிறதா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அப்புறம் குரலை மாற்றாமலே, புதிய துணையோடு உறவு உண்டா, துணைக்கு ஏதாவது தொற்று இருந்ததா என்றும் கேட்டார். நம் ஊர்க் காது கொஞ்சம் அதிரும். ஆனால் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது.

அடுத்து அறிகுறிகளைப் பற்றிக் கேட்டார். மீன் வாடை அடிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணீராக, மீன் வாடையோடு, அதிகம் அரிப்பில்லாமல் வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம், அது உறவு மூலம் பரவுவது. இரண்டுக்கும் பூஞ்சை மருந்து எதுவும் செய்யாது. அவற்றுக்கு வேறு மருந்து, அதுவும் டாக்டர் சீட்டில். பூஞ்சை மருந்தை வைத்துவிட்டுக் காத்திருந்தால் நாள் போவதுதான் மிச்சம்.

அடிவயிற்றில் வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம், மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், கொப்புளம், புண் இவற்றில் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஒன்று இருந்தாலும் உங்களுக்கு மருந்து விற்க மாட்டேன், டாக்டரிடம்தான் அனுப்புவேன்" என்றார். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று கருப்பை, கருக்குழாய் வரை ஏறியிருக்கலாம். கொப்புளம் என்றால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். சிறுநீர் உள்ளுக்குள் எரிந்து, அடிக்கடி போக வேண்டும்போல் இருந்தால் அது சிறுநீர்த் தொற்று, கதை வேறு.

எனக்கு எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பதால் தேர்வு என் கையில் வந்தது. ஒன்று, வாய்வழியாக ஒரே ஒரு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் கேப்ஸ்யூல். இன்னொன்று, உள்ளே வைக்கிற க்ளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் பெசரி மாத்திரை, அதுவும் ஒன்றே ஒன்று. வெளித்தோலுக்குத் தடவ 2 சதவீத க்ளோட்ரிமசோல் க்ரீம் சேர்த்து ஒரே பெட்டியாகவும் கிடைக்கும். குணமாவதில் கேப்ஸ்யூலுக்கும் பெசரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்றால் கேப்ஸ்யூல் கூடவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கும் ஃப்ளூகோனசோல் ஒத்துப்போகாது. மாதவிலக்கு நெருங்கியிருந்தால் பெசரி வீண், ரத்தத்தோடு மருந்தும் வெளியே போய்விடும். எனக்கு மாதவிலக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. வெளித்தோல் எரிச்சல்தான் பெரும்பாடாக இருந்ததால் பெசரியும் க்ரீமும் சேர்ந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி படுக்கப் போகும்போதுதான் வைக்க வேண்டும். எழுந்து நடந்தால் கரைந்த மருந்து இறங்கிவிடும். கையைக் கழுவி, பெசரியை அப்ளிகேட்டர் நுனியில் சொருகி, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வலிக்காத அளவுக்கு உள்ளே கொண்டுபோய்ப் பின்பக்கத் தண்டை அழுத்தினேன். பழக்கமில்லாததால் சங்கடமாக இருந்தது, வலி இல்லை. காலையில் உள்ளாடையில் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. மருந்து அப்படியே வெளியே வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், கரைந்த மாத்திரையின் மிச்சம்தான் அது. பெசரி கரைய ஈரம் வேண்டும். உள்ளே வறட்சி அதிகமாக இருப்பவர்களுக்குத் துண்டு துண்டாக வெளியே வரலாம், அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே செலுத்துகிற க்ரீம் பொருந்தும். க்ரீமை வெளியே மெல்லிசாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தடவினேன். இன்னொரு விஷயம், இந்த மருந்துகள் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தும். அதை நம்பியிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது. கணவருக்கு அறிகுறி இல்லாததால் அவருக்கு மருந்து வேண்டியிருக்கவில்லை.

அரிப்பு சில நாட்களில் அடங்கியது, சிவப்பு மறைய இன்னும் கொஞ்சம் பிடித்தது. ஒரு வாரத்தில் குறையவே இல்லை என்றால் இன்னொரு பெட்டி வாங்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்று ஃபார்மசிஸ்ட் முதலிலேயே சொல்லியிருந்தார். வழக்கமான மருந்துக்கு அடங்காத வேறு வகைப் பூஞ்சைகளும் உண்டு. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் வந்தாலும் அதே பதில்தான்.

அந்தச் சமயத்தில் இந்தியாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பையில் ஒரு க்ரீம் டியூப் இருந்தது. அரிப்புக்கு உடனே கேட்கும் என்று எனக்கும் கொடுக்கப் பார்த்தார். பெயரைப் படித்தால், பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். அங்கே இருக்கும் மெல்லிய தோலும் நைந்துபோகும். வேப்பிலைத் தண்ணீர், டெட்டால் கலந்த தண்ணீர் எல்லாம் இதே ரகம்தான் என்பது என் கருத்து. புண்ணான தோலுக்கு வெறும் தண்ணீர் போதும்.

கொஞ்ச மாதம் கழித்து, எங்களோடு இருக்கும் அம்மா ஒரு நாள் தயங்கித் தயங்கி, "உனக்கு வாங்கினியே, அது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். க்ரீம் கொஞ்சம் இருந்தது. கொடுக்கவில்லை, கடைக்குக் கூட்டிப் போனேன். அதே அறை, அதே கேள்விகள். வயது 64 என்றதுமே ஃபார்மசிஸ்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, டாக்டர் புதிதாக டபாக்ளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரையும் சேர்த்திருந்தார் என்றதும், "இன்றே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

அம்மாவுக்குக் கோபம். "உனக்கு மட்டும் கொடுத்தாங்க, எனக்கு ஏன் இல்லையாம்?" காரணம் இருந்தது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிடுவதால் இந்தப் பூஞ்சைத் தொற்று அந்த வயதில் அரிது. அரிப்புக்கு வேறு காரணம் இருக்கலாம், வறட்சியாக இருக்கலாம், தோலில் வெள்ளைத் திட்டுகள் வரும் லைக்கன் ஸ்க்ளெரோசஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். அது பார்த்தால்தான் தெரியும், கேட்டுத் தெரியாது. ஆனால் சர்க்கரை நோய் இருந்தால் வயது தாண்டியும் பூஞ்சை வரும். டபாக்ளிஃப்ளோசின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மாத்திரை. அங்கே தங்குகிற சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று இந்த மாத்திரையின் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு.

டாக்டர் பரிசோதித்து, பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனையும் எழுதினார். பார்த்தவரை பூஞ்சை மாதிரிதான் தெரிகிறது என்று அன்றே சிகிச்சையைத் தொடங்கினார். மாதிரியிலும் கேண்டிடாதான் என்று வந்தது. அம்மா தானாகவே அந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தத் தயாராக இருந்தார். டாக்டர் நிறுத்தவில்லை. சிறுநீர் கழித்தபின் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொன்னார், திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரையை மாற்றுவது பற்றிப் பேசலாம் என்றார். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் கடுமையான வலி, வீக்கம், சிவப்பு வந்து கூடவே காய்ச்சலும் இருந்தால் அவரிடம் வரக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். இந்த வகை மாத்திரையில் மிக அரிதாக அந்த இடத்துச் சதை அழுகுகிற தொற்று வருவதுண்டாம். அதை மட்டும் அம்மாவின் மாத்திரை டப்பா மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.