குடும்பக் கம்பெனியில் 20 சதவீதம்: அக்ரிமென்ட்டில் நான் பேசி வாங்கியவை

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட்டுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 2 கோடி ரூபாய் போட்டேன். மொத்தம் ஒரு லட்சம் பங்கு. எனக்கு 20,000, கம்பெனி வைத்திருக்கும் குடும்பத்தின் அண்ணனுக்கு 45,000, தம்பிக்கு 25,000, அவர்கள் அம்மாவுக்கு 10,000. அதாவது அவர்கள் 80, நான் 20.

சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீத ஓட்டு வேண்டும் என்பதால், 25க்கு மேல் வைத்திருப்பவர் சட்டத்தை வைத்தே பல விஷயங்களைத் தடுக்கலாம். 20-ஐ வைத்துக்கொண்டு அது முடியாது. அதிலும் 2015 ஜூனில் மத்திய அரசு பிரைவேட் கம்பெனிகளுக்குக் கொடுத்த விலக்குகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மொத்தத் தொழிற்சாலையை விற்பதற்கோ பெரிய கடன் வாங்குவதற்கோ கம்பெனிச் சட்டத்தின் 180ஆம் பிரிவு கேட்கும் சிறப்புத் தீர்மானம் பிரைவேட் கம்பெனிக்குத் தேவையில்லை. குடும்பத்தாருடன் போடும் ஒப்பந்தத்துக்கு அந்தக் குடும்பத்தாரே பொதுக்குழுவில் ஓட்டுப் போடலாம். 10 சதவீதம் இருந்தால் அடக்குமுறை என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்தான். ஆனால் டாடா சன்ஸில் 18.37 சதவீதம் வைத்திருந்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் என்ன சொன்னது? சிறுபான்மைப் பங்குதாரருக்கு, ஒப்பந்தமோ, கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸோ கொடுத்திருந்தால் ஒழிய, போர்டில் இடம் கேட்கும் உரிமை கிடையாது என்றது. ஆக, எழுதி வாங்கியதுதான் நம் கையில் இருக்கும்.

பங்குதாரர் அக்ரிமென்ட்டின் முதல் டிராஃப்ட் அவர்கள் ஆடிட்டர் அனுப்பியது. என் வக்கீல் பதிலுக்கு, என் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாதவை என்று நாலு பக்க வீட்டோ பட்டியல் போட்டார். அதைப் பார்த்ததும் அண்ணன் போன் செய்தார்: "என்னங்க தம்பி, ஒரு லேத் மிஷின் வாங்கறதுக்கும் உங்களக் கேட்டுத்தான் வாங்கணுமா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தினசரி வேலையில் தலையிடும் வீட்டோக்களை எல்லாம் எடுத்துவிட்டு, பணம் என் பக்கத்திலிருந்து அவர்கள் பக்கம் நழுவக்கூடிய வழிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அப்படி மிஞ்சியவை கொஞ்சம்தான். முதலாவது, புதுப் பங்கு வெளியிடுவது. இருக்கும் பங்குதாரர்களுக்கே விகிதப்படி புதுப் பங்கு தரும் ரைட்ஸ் இஷ்யூவுக்குப் போர்டு முடிவே போதும். ஒரு லட்சம் புதுப் பங்கை, பங்கு 100 ரூபாய்க்கு, எனக்கும் 20,000 தருகிறோம் என்று சொல்லி, கையில் பணமில்லாத நேரத்தில் அறிவித்தால், 20 லட்சம் கட்ட முடியாமல், அதையும் அவர்களே எடுத்துக்கொள்ள, நான் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடுவேன். ஆயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிய பங்கு அது. இரண்டாவது, குடும்பத்தாருக்குப் போகும் சம்பளம், வாடகை, கடன் (ஷெட் அம்மா பேரில் இருந்தது, வாடகையை ஏற்றினால் என் லாபம் அப்படியே அங்கே போய்விடும்). அப்புறம் நிலம், தொழிற்சாலை விற்பனை, கம்பெனி பேரில் வேறு யாருக்காவது ஜாமீன், ஆர்ட்டிகிள்ஸைத் திருத்துவது. அவ்வளவுதான்.

பட்டியலை விட, அது எப்படி வேலை செய்யும் என்ற பகுதியில்தான் சண்டை அதிகம். ஆடிட்டர் டிராஃப்ட்டில், 7 நாளில் நான் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. அதை, பதில் இல்லையென்றால் மறுப்பு என்று மாற்றினோம். இன்னொன்று, என் டைரக்டர் வராமல் கூட்டம் தள்ளிப்போனால், அடுத்த கூட்டத்தில் வந்திருப்பவர்களே கோரம், அவர்களே முடிவெடுக்கலாம் என்று இருந்தது. அது பொதுவாக எல்லா அக்ரிமென்ட்டிலும் இருப்பதுதான், ஆனால் தள்ளிவைத்த கூட்டத்திலும், சுற்றறிக்கைத் தீர்மானத்திலும், பொதுக்குழுவிலும் அந்தக் குறிப்பிட்ட விஷயங்களுக்கு என் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று சேர்க்காவிட்டால், வீட்டோ முதல் கூட்டத்தோடு காலி.

டேக்-அலாங் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் விற்றால் நானும் அதே விலைக்கு, அதே ஆளிடம் விற்கலாம் என்பதுதான் அது. டிராஃப்ட்டில் இருந்தது, ஆனால் விகிதப்படி என்று. அண்ணன் 40,000 பங்கு விற்றால் அதில் நான் எவ்வளவு சேர்க்கலாம்? மொத்தப் பங்கை வைத்து வகுத்தால் எனக்கு 8,000. விற்கும் அண்ணனையும் என்னையும் மட்டும் வைத்து வகுத்தால், 65,000இல் 20,000 என்ற கணக்கில், ஏறக்குறைய 12,300. இரண்டிலுமே மிச்சப் பங்கோடு முன்பின் தெரியாத புது முதலாளியிடம் உட்கார வேண்டும். அதனால் சின்ன விற்பனைக்கு இரண்டாவது கணக்கு, ஆனால் குடும்பத்தின் பங்கு 51க்குக் கீழே போகும் எந்த விற்பனையிலும் என் 20,000 முழுவதையும் வாங்க வேண்டும் என்று பேசி முடித்தோம். குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற விலக்கையும் சும்மா விடவில்லை. பங்கை முதலில் குடும்பத்தாரே கூட்டாளிகளாக இருக்கும் ஒரு எல்எல்பிக்கு மாற்றி, பிறகு அந்த எல்எல்பியையே வெளியாளுக்குக் கைமாற்றினால், காகிதத்தில் கம்பெனிப் பங்கு விற்கப்படவே இல்லை. அதையும் விற்பனையாகவே கொள்ள வேண்டும் என்றும், குடும்பத்துக்குள் யார் பங்கு வாங்கினாலும் இந்த அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சேர்த்தோம்.

விலை என்றால் என்ன என்பதற்கும் ஒரு பத்தி எழுதினோம். பங்கு, ஆலோசனைக் கட்டணம், போட்டித் தொழில் செய்யாமல் இருக்கக் கொடுக்கும் தொகை என்று எந்தப் பேரில் விற்பவருக்குப் பணம் வந்தாலும் அது விலையில் சேரும். உண்மையாக வேலை பார்த்து வாங்கும் சந்தைச் சம்பளம் மட்டும் விலக்கு.

கையெழுத்து ஆனதும் பாதி பேர் அக்ரிமென்ட்டைப் பீரோவில் வைத்துவிடுவார்கள். எங்கள் வக்கீல் விடவில்லை, வி.பி. ரங்கராஜ் வழக்கைக் காட்டினார். அதுவும் ஒரு குடும்பக் கம்பெனிதான். பங்கை விற்றால் தன் கிளையினருக்கே முதலில் தர வேண்டும் என்று இரண்டு சகோதரர் கிளைகளுக்குள் பேச்சு. ஒருவர் மீறி விற்றார். ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையும் பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது என்று 90களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அதனால் டேக்-அலாங்கையும் வீட்டோவையும் அப்படியே ஆர்ட்டிகிள்ஸில் ஏற்றினோம். 80 சதவீதத்தால் பிறகு அதை மாற்ற முடியாதபடி 5ஆம் பிரிவின்கீழ் பூட்டுப் போட்டோம். பிரைவேட் கம்பெனியில் அதற்கு எல்லாப் பங்குதாரரும் ஒப்ப வேண்டும். அம்மா கையெழுத்துக்குத்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. பணத்தில் பெரும்பகுதியை இதெல்லாம் பதிவாளரிடம் தாக்கலான பிறகே விடுவித்தேன்.

சில வருடம் கழித்து, வெளி மாநிலக் கம்பெனி ஒன்று அண்ணனின் 40,000 பங்கைப் பங்கு 1,400 ரூபாய்க்குக் கேட்டது. கூடவே அவருக்கு மூன்று வருட ஆலோசகர் ஒப்பந்தம், 1.2 கோடி. 40,000இல் வகுத்தால் பங்குக்கு 300 ரூபாய். குடும்பம் 80இலிருந்து 40க்கு இறங்குவதால் முழு டேக்-அலாங் பொருந்தும், விலை 1,700 என்று நான் எழுதினேன். அண்ணன் கோபப்பட்டார், தான் உண்மையிலேயே பட்டறைக்கு வந்து வேலை பார்க்கப் போவதாகச் சொன்னார். அது முழுப்பொய் இல்லை. 60 லட்சம் சம்பளம், மீதி விலை என்று முடிவாகி 1,550இல் நின்றது.

வாங்குபவரின் வக்கீல்தான் எனக்கு முதலில் போன் செய்தார், அண்ணன் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் ஆர்ட்டிகிள்ஸை இறக்கிப் பார்த்திருக்கிறார். என் பங்குக்குப் பணம் வராமல் அண்ணனின் பங்கு மாற்றத்தைப் போர்டு பதிவு செய்யக் கூடாது என்று அதில் இருந்தது. 40,000-ஐ மட்டும் வாங்கி வந்து பதிவாகாமல் நிற்க அவர் தயாராக இல்லை. கடைசியில் அண்ணனிடமிருந்து 40,000, என்னிடமிருந்து 20,000, ஒரே விலை, ஒரே நாளில் பணம் என்று முடிந்தது.