அம்மாவின் கைத்தடியும் வாக்கரும்

ஜூன் 4

அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம் கூடிவிட்டது. அப்பா வைத்திருந்த மரத்தடியைத்தான் இப்போது ஊன்றுகிறார். அப்பா நல்ல உயரம், அம்மா நாலே முக்கால் அடி. ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் அவருடைய தோள் காதுப்பக்கம் எழும்புகிறது. தடி நீளம் என்பதற்கு அதுதான் அடையாளம். குட்டையாக இருந்தால் உடம்பு தடியிருக்கும் பக்கம் சாயும்.

ஜூன் 6

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். அம்மாவை நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை டேப் பிடித்தார். 28 அங்குலம். கைப்பிடியின் மேல்பாகம் அந்த உயரத்தில் இருந்தால், பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கும். அந்த மடிப்பு இருந்தால்தான் கையை அழுத்தி உடம்பின் பாரத்தைத் தடிமேல் இறக்க முடியும்.

செருப்புப் போட்டு அளப்பதுதான் வழக்கமாம். ஆனால் அம்மா நடப்பது பெரும்பாலும் வீட்டுக்குள், வெறுங்காலில். அதனால் வெறுங்காலிலேயே அளந்தார். உயரத்தை மாற்றக்கூடிய தடி வாங்கினால், வெளியே போகும்போது செருப்பின் தடிமனைப் பார்த்து ஒரு துளை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்.

தடியை இடது கையில் கொடுத்தார். "வலிக்கிறது வலது கால்தானே?" என்று அம்மா கேட்டார். வலது காலை வைக்கும்போது இடது கையும் தடியும் சேர்ந்தே முன்னால் போகும், அப்போதுதான் அந்தக் காலின் சுமையைத் தடி பங்குபோட்டுக்கொள்ளும் என்று நடந்தே காட்டினார்.

ஜூன் 9

சர்ஜிக்கல் கடைக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். எடுத்துக் காட்டிய அலுமினியத் தடி எல்லாமே 'அட்ஜஸ்டபிள்'தான். ஆனால் முதல் தடியை எவ்வளவு இறக்கியும் 30 அங்குலத்துக்குக் கீழே வரவில்லை. எவ்வளவு உயரும் என்பதைத்தான் கடைக்காரர் சொல்கிறார். அம்மாவைப் போலக் குள்ளமானவர்களுக்கு, எவ்வளவு இறங்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் 27 வரை இறங்கும் ஒன்று கிடைத்தது. துளைகள் ஒரு அங்குல இடைவெளியில் இருந்ததால் 28-இல் சரியாக நின்றது.

நாலு கால் தடியையும் பார்த்தோம். அதில் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். எங்கள் முற்றத்தின் மேடு பள்ளத்தில் அது ஆடும். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 20

பகலில் தடி போதுமாக இருக்கிறது. இரவில் பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போதுதான் இரண்டு காலும் தடுமாறுகின்றன. "பேசாம வீல்சேர் வாங்கிடுடா" என்கிறாள் அக்கா. பிசியோதெரபிஸ்ட் மறுத்துவிட்டார். நடக்க முடிகிறவரை நாற்காலியில் உட்காரவைத்தால் தொடைத் தசை இன்னும் மெலியும், வாக்கர் போதும் என்றார்.

ஜூன் 23

வாக்கர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் பாத்ரூம் வாசலை அளந்தேன். கதவை முழுக்கத் திறந்தபின் மிஞ்சும் இடத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 24 அங்குலம் இருந்தது.

சக்கரமில்லாத வாக்கர் மூன்று கிலோதான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டும். கடைக்குள்ளேயே கொஞ்ச தூரம் நடந்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நாலு சக்கர வண்டி முன்னால் ஓடிவிடும், பிரேக்கை அழுத்த விரல் பலம் வேண்டும். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ரப்பர் புஷ் வைத்ததுதான் அவருக்குப் பொருந்தியது. தள்ளினால் நகரும், அழுத்தினால் நிற்கும்.

இதிலும் பெரியவர் சைஸ் 32-க்குக் கீழே இறங்கவில்லை. சின்ன சைஸ் எடுத்து 28-இல் நிறுத்தினோம். நாலு காலிலும் பொத்தான் துளைக்கு வெளியே முழுசாகத் தள்ளியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒன்று அரைகுறையாக இருந்தாலும் அந்தக் கால் சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.

சக்கரத்தோடு சேர்த்து அகலம் 25 அங்குலம். அந்த வாசலில் நுழையாது. கடைப்பையன் வலது, இடது சக்கரக் கால்களை மாற்றி மாட்டினான். சக்கரங்கள் உள்பக்கம் வந்தன, 22 ஆனது. நல்ல கைவேலை தெரிந்த பையன்.

ஜூன் 25

வாக்கரைத் தூரத் தள்ளிவிட்டு எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார் அம்மா. முதலில் வாக்கர், பிறகு வலது கால், அப்புறம் இடது கால், உடம்பு எப்போதும் சட்டத்துக்குள்ளேயே. இதைத்தான் சொல்லிக்கொண்டே பின்னால் நடக்கிறேன். அடுப்படி நிலைப்படியில் சக்கரம் முட்டுகிறது. நாளைக்குத் தச்சரை வரச்சொல்லி ஒரு சரிவுப் பலகை போட வேண்டும்.

ஜூலை 2

ஸ்கேன் எடுக்கப் போகும் ஒரு நாளைக்கு மட்டும் வீல்சேர் வாடகைக்கு எடுத்தோம். உட்கார்ந்தபடி அம்மாவின் இடுப்பு அகலம் 14 அங்குலம். பக்கத்துக்கு ஒரு அங்குலம் விட்டு 16 அங்குல சீட் கேட்டேன். பொதுவாகக் கிடைக்கும் 18-இல் அவர் ஒரு பக்கமாகச் சரிகிறார். சீட்டின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் விளிம்பு காலை அறுக்கும். காரில் ஏற்றி இறக்குவது நான் ஒருவன்தான் என்பதால் இரும்பை விட்டுவிட்டு அலுமினியமே எடுத்தேன்.