எந்தக் கன்னம் முதலில்?

பாரிஸில் ஒரு வீட்டு விருந்துக்குப் போனால், சாப்பாட்டுக்கு முன்னால் 'பீஸ்' உண்டு. கட்டணமுமில்லை, கோழித் துண்டுமில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்து, உதட்டால் காற்றில் லேசாக ஒரு முத்தச் சத்தம். பிரெஞ்சுக்காரர்கள் வணக்கம் சொல்லும் பீஸ் அவ்வளவுதான். உதடு கன்னத்தில் படக்கூடாது. பாட்டி பேரனுக்குக் கொடுப்பதுபோல ஈரமாக 'இச்' வைத்தால் எதிரில் நிற்பவர் நெளிவார்.

எத்தனை என்பதுதான் தலைவலி. பாரிஸில் பொதுவாக இரண்டு. தெற்கே மோன்பெலியே பக்கம் மூன்று. மேற்குக் கோடியில் பிரெஸ்ட் பக்கம் பலர் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான ஊர்களில் முதலில் வலது கன்னத்தை நீட்டுவார்கள், தென்கிழக்கில் இடதை. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் மூக்கு மூக்கோடு மோதும். அதனால் வெளியூர்க்காரர் முதலில் சாயவே கூடாது. அரை நொடி தலையை அசைக்காமல் நின்றால், எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரிந்துவிடும். இரண்டு முடிந்ததும் வெடுக்கென்று பின்வாங்கவும் வேண்டாம். அவர் முகம் விலகினால் கணக்கு முடிந்தது. இருவரும் கண்ணாடி போட்டிருந்தால் ஒருவர் கழற்றிக்கொள்வது நல்லது.

விருந்தில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் போக வேண்டும். பெண்களோடு பீஸ், முதல்முறை பார்க்கும் ஆண்கள் தங்களுக்குள் பெரும்பாலும் கைகுலுக்குவார்கள். கிளம்பும்போது இதே சுற்று மறுபடியும். எண்ணிக்கை தவறினால் சிரித்துவிடுவார்கள், ஒருவரைத் தாண்டிப் போனால்தான் மனத்தாங்கல்.

'முத்தம் வேண்டாம், கட்டிப்பிடித்துவிடலாம்' என்று நினைப்பது பெரிய தப்பு. பீஸில் கன்னம் மட்டும்தான் தொடும், அணைப்பில் உடம்பே ஒட்டுகிறது; பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுதான் அதிக நெருக்கம். 'ஆம்பிராஸே' என்ற சொல்லுக்குள் கையைக் குறிக்கும் 'பிரா' இருக்கிறது. ஒருகாலத்தில் அணைப்பதைச் சொன்ன சொல், இன்று முத்தத்தைச் சொல்கிறது.

பீஸ் பிடிக்கவில்லையென்றால் எதிரில் வருபவர் நெருங்குமுன்பே, ஒரு கை தூரம் இருக்கும்போதே வலது கையை நேராக நீட்டிவிட வேண்டும். முகம் பக்கத்தில் வந்தபிறகு நீட்டினால் வயிற்றில் குத்தும். 'ஜ சுயி ஆன்ரூமே', அதாவது எனக்குச் சளி என்றாலும் போதும். 2020-இல் கொரோனா தொடங்கியபோது பிரெஞ்சு அரசே பீஸைத் தவிர்க்கச் சொன்னதால், இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஜப்பானில் சிக்கல் வேறு. நம் கை தானாகவே கும்பிடப் போகும். அங்கே கைகூப்புவது கோயிலுக்கும் சாப்பாட்டு வேளைக்கும் உரியது. கையைத் தொடைப் பக்கம் வைத்து, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். வழியில் பார்த்தால் சுமார் 15 பாகை, வாடிக்கையாளருக்கு 30, மன்னிப்புக் கேட்க 45. சந்தேகமிருந்தால் 15-ஏ போதும். அவர் கை நீட்டினால் குலுக்கி முடித்துவிட்டுக் குனியுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் மண்டை இடிக்கும்.