சுன்னாகம் ஹார்ட்வெயார் கடை: ஒரு மாதக் குறிப்புகள்

பெப்ரவரி 5, 2025, புதன்

இன்று சுன்னாகத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எங்கள் பில்லிங் மென்பொருளை டெமோ காட்டினேன். முதலாளி அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் முழுவதும் பார்த்தார். எந்தப் பெயின்ற் எவ்வளவு போகிறது, எந்தச் சாமான் தேங்கிக் கிடக்கிறது என்று வரைபடங்களைக் காட்டும்போது முகம் மலர்ந்தது. கிளம்பும்போது தேத்தண்ணி தந்து, "நல்லாயிருக்கு தம்பி, போட்டு விடும், பாப்பம்" என்றார். நாளையிலிருந்து 14 நாள் இலவசம், 19ஆம் திகதி முடியும். சாமான் பட்டியலை எக்செல்லில் வாங்கி ஏற்றிக் கொடுத்துவிட்டேன். கல்லாவில் இருக்கிற தங்கச்சிக்கு பில் போடப் பழக்கியதும் நான்தான், பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

திருநெல்வேலிக்குத் திரும்பி வந்து நண்பனிடம், இது கட்டாயம் வரும் என்று சொன்னேன். (நாங்கள் இரண்டே பேர். அவன் கோட் எழுதுகிறான், நான் கடை கடையாகத் திரிகிறேன்.)

பெப்ரவரி 13, வியாழன்

ஒரு கிழமையாக ஒரு சத்தமும் இல்லை. "அண்ணை, எப்படிப் போகுது? ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்று வட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை.

பெப்ரவரி 15, சனி

நேற்றும் இன்றும் காலை எட்டரைக்கு எடுத்தேன். இரண்டு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "சும்மா ஒருக்கா கேட்கத்தான் எடுத்தனான் அண்ணை" என்று இன்னொரு மெசேஜ் அனுப்பினேன். அதற்கும் நீலச் சரிதான்.

நண்பன் வாசித்துவிட்டுச் சிரித்தான். "உனக்கு யாராவது இப்படி அனுப்பினால் நீ என்ன பதில் போடுவாய்?" என்றான். யோசித்துப் பார்த்தால் பதில் போட அதில் ஒன்றுமில்லை. அவர் ஏதாவது எழுதுவதென்றால் ஒன்றில் வாங்குகிறேன் என்று எழுதவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதவேண்டும். வேண்டாம் என்பதை ஊர்ப் பெடியனின் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது. பேசாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை.

பெப்ரவரி 17, திங்கள்

இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டாலும் கடையின் பில்கள் எங்கள் சேர்வரில்தானே கிடக்கின்றன.

```sql
SELECT DATE(created_at) AS day, status, COUNT(*)
FROM bills
WHERE shop_id = 41
GROUP BY day, status;
```

வந்த கணக்கு இது. 6ஆம் திகதி 31 பில், 7இல் 38, 8இல் 35. ஞாயிறு கடை பூட்டு. 10ஆம் திகதி 17, 11இல் 6, 12இல் 2, அதற்குப் பிறகு வெறுமை. அதாவது பிடிக்காமல் விடவில்லை, மூன்று நாள் ஒழுங்காகப் பாவித்துவிட்டு, நாலாவது நாளில் எங்கேயோ இடறி விழுந்திருக்கிறார்கள்.

நேரத்தைத் தனியாகப் பார்த்தேன். 10ஆம் திகதி போட்ட 17 பில்லும் காலை பத்து மணிக்குப் பிறகு போட்டவை. ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ஒன்றுமே இல்லை. ஆனால் ஹார்ட்வெயார் கடையில் கூட்டம் வருவதே அந்த நேரத்தில்தான். மேசன்மார் வேலைக்குப் போகிற வழியில் சீமெந்து, கம்பி, ஆணி எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் எட்டரைக்கு அழைப்பு எடுத்த புத்தியையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. முதல் மூன்று நாளில் 23 பில் பாதியில் விடப்பட்டு draft ஆகக் கிடந்தன. திறந்து பார்த்தால் சாமான் எல்லாம் சரியாக அடித்திருக்கிறது, நின்ற இடம் ஒன்றுதான்: கடன் என்பதை அழுத்தியதும் வருகிற வாடிக்கையாளர் பக்கம்.

பெப்ரவரி 18, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பிட்டு முடித்துக் கடை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அனுப்பினேன்:

"அண்ணை, காலமை கடன் பில் போடேக்க தங்கச்சிக்கு இடைஞ்சல் இருந்த மாதிரித் தெரியுது, கடன் பக்கத்தில நிண்டு போகுது. பிழை எங்கட பக்கம் போல. நாளைக்கு அந்தப் பக்கம் வாறன், பத்து நிமிசம் கல்லாவுக்குப் பக்கத்தில நிண்டு பாக்கட்டோ?"

வாங்குகிறீர்களா என்ற பேச்சே அதில் வரவிடவில்லை. நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது: "வாரும்."

பெப்ரவரி 19, புதன்

காலை ஏழே முக்காலுக்குப் போனேன். வீட்டுக்கு ஒரு ரப் வோஷர் தேவைப்பட்டது, அதை வாங்குகிற சாட்டில் ஓரமாக நின்றேன். முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. ஒரு மேசன் வந்து, "கொன்ராக்டர் அண்ணையின்ர கணக்கில எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு இரண்டு கட்டு பைண்டிங் கம்பியைத் தூக்கினார். எங்கள் மென்பொருளிலோ கடன் பில்லுக்கு வாடிக்கையாளரின் முழுப் பெயரும் தொலைபேசி இலக்கமும் கட்டாயம். கொன்ராக்டரின் நம்பர் மேசனுக்கும் மனப்பாடமில்லை, தங்கச்சிக்கும் தெரியாது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அவள் ஸ்கிரீனை அப்படியே விட்டுவிட்டு, நீள ஒற்றைக்கோட்டுக் கொப்பியை இழுத்து, நாலு சொல்லில் எழுதி முடித்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பாதிப் பில் கொப்பியிலும் பாதிப் பில் கொம்பியூட்டரிலும் இருந்தால் பின்னேரம் கணக்கு முடிக்கும்போது ஒன்றும் பொருந்தாது. இரண்டு நாள் பார்த்துவிட்டு முழுவதையும் கொப்பிக்கே மாற்றிவிட்டார்கள். அண்ணையிடம், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீர் இவ்வளவு பாடுபட்டுப் போட்டுத் தந்தனீர், எங்களுக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லையாக்கும் எண்டு நினைச்சன்" என்றார். டெமோவில் நான் போட்ட பில் அத்தனையும் காசுப் பில். கடனை எப்படி எழுதுகிறீர்கள் என்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த இரண்டு கிழமையும் மிஞ்சியிருக்கும்.

திரும்பும் வழியில் இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. இன்று 19. நள்ளிரவு பன்னிரண்டுக்கு டிரையல் முடிந்து கணக்கு தானாகப் பூட்டும், "உங்கள் இலவசக் காலம் முடிந்தது" என்று மெசேஜும் போகும். அவருடைய 129 பில்லும் உள்ளே கிடக்க, கதவைப் பூட்டிக்கொண்டு காசு கேட்கிற மாதிரி இருக்கும் அது. நண்பனை எழுப்பி நிறுத்தச் சொன்னேன். (பகல் பதினொன்றரைக்கு. இரவு முழுக்க வேலை செய்கிறவன்.)

கடையில் நிற்கும்போதே நாள் நீட்டிக் கொடுத்திருந்தேன், ஆனால் இன்னொரு 14 நாள் என்று சும்மா நீட்டவில்லை. அப்படி நீட்டினால் அதே மௌனம்தான் 14 நாள் நீளும். கடன்காரர் பெயரும் பழைய பாக்கியும் ஏற்றி முடிக்கும் நாளிலிருந்து ஏழு நாள், ஏற்றுவதற்கு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நானே வருகிறேன் என்று சொல்லி, அண்ணை தலையாட்டிய பிறகுதான் கடையை விட்டு இறங்கினேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

நண்பன் இரண்டு நாளில் மாற்றிவிட்டான். தொலைபேசி இலக்கம் இனிக் கட்டாயமில்லை, பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்தால் ஆள் வருவார், யார் வந்து எடுத்தது என்று எழுத ஒரு சின்னப் பெட்டியும் உண்டு.

கடைக்குப் போனால் கொப்பியோடு அண்ணையின் மனைவி இருந்தார். அக்காதான் கடன் கணக்கு முழுவதும் பார்க்கிறவர். டெமோ அன்று அவர் கடையில் இல்லை, நானும் வேறு யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்கவில்லை. 63 பெயர். அக்கா வாசிக்க வாசிக்க நான் அடித்தேன், முடிய இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆனது. ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்த இடங்கள் மூன்று. நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்: "கரண்ட் இல்லாத நேரம் ஒரு ஆள் வந்து தன்ர பாக்கி எவ்வளவெண்டு கேட்டால் நான் என்னத்தைப் பாக்கிறது?"

அண்ணைக்குக் காட்டிய வரைபடம் ஒன்றும் இதற்கு உதவாது. கடை பூட்ட முன் கடன் பட்டியலைத் தாளில் எடுக்கிற ஒரு பட்டனைக் காட்டினேன். அது ஏற்கனவே இருந்ததுதான், நாங்களே மறந்துபோன மூலையில். அக்கா தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துப் பார்த்தார். சரி என்றார்.

பெப்ரவரி 24, திங்கள்

இடையில் மற்றக் கடை. கஸ்தூரியார் வீதியில் ஜனவரியில் டெமோ கொடுத்த உடுப்புக் கடை. அங்கேயும் மௌனம்தான், ஆனால் பதிவைப் பார்த்தால் டெமோவுக்குப் பிறகு ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. சுன்னாகத்துக்கு அனுப்பிய மாதிரி அனுப்ப இங்கே பிடிக்கக்கூடிய இடறலே இல்லை. மூன்று மெசேஜ் ஏற்கனவே போய்விட்டது. கடைசியாக ஒன்று: "அண்ணை, இப்ப உங்களுக்கு இது தோதுப்படேல்லைப் போல. திங்கக்கிழமை, 3ஆம் திகதி கணக்கை மூடுறன். நீங்கள் தந்த சாமான் பட்டியலை எக்செல்லில அனுப்பியிருக்கிறன். பிறகு தேவைப்பட்டால் எடுங்கோ."

அரை மணித்தியாலத்தில் குரல் பதிவு வந்தது. மகன் கனடாவிலிருந்து வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டாராம், எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாராம். குரலில் ஒரு பாரம் இறங்கியது கேட்டது. மூடுகிறேன் என்றால் உண்மையில் மூடத்தான் வேண்டும், 3ஆம் திகதி என்று நாட்காட்டியில் போட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 27, வியாழன்

சிவராத்திரிக்கு மறுநாள், ஊரே நித்திரை. யாருக்கும் எடுக்கவில்லை. சுன்னாகத்துப் பதிவை மட்டும் பார்த்தேன். திங்களும் செவ்வாயும் 40ஐத் தாண்டியிருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு கடன் பில். காலை ஏழே முக்காலிலிருந்தே பில் விழுந்திருக்கிறது. பாதியில் விட்டது செவ்வாய்க்கிழமை ஒன்றே ஒன்று.

மார்ச் 1, சனி

ஏழு நாள் நேற்றோடு முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவுக்கு எடுத்தேன், இம்முறை அண்ணைக்கு எடுக்கவில்லை. மாதம் 4,500 ரூபாய், வருடமாகக் கட்டினால் இரண்டு மாதம் கழிவு என்றேன். வருடத்துக்கு மாட்டாராம். மூன்று மாதத்துக்குக் கட்டுகிறார், சித்திரை வருடப்பிறப்பு வியாபாரத்தில் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சம். அதுவும் நியாயம்தான். இரவில் எடுக்கிற அந்தத் தாளில் எழுத்து சின்னனாக இருக்கிறதாம், கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுக்குப் பெரிசாக்கித் தரட்டாம். நண்பன் எழும்பியதும் சொல்ல வேண்டும்.