ஜே.எல்.பி.டி. என்5: கடைசி வாரத்தில் சொற்களைத் தக்கவைத்தல்

ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5-இல் சொற்பகுதிக்கு 20 நிமிடம். எல்லாக் கேள்விகளுக்கும் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், சொந்தமாக எழுத வேண்டியதில்லை. கடைசி வாரத்தை இதை வைத்தே திட்டமிடலாம். ஜப்பானியச் சொல்லைப் பார்த்ததும் பொருள் வர வேண்டும், அவ்வளவுதான். தமிழிலிருந்து ஜப்பானியத்துக்குப் போகும் பயிற்சியை இந்த ஏழு நாளைக்கு நிறுத்திவிடலாம்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய ஞாயிறன்று, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய எல்லா அட்டைகளையும் ஒருமுறை ஓட்ட வேண்டும். அட்டைக்கு மூன்று நொடி. உடனே பொருள் வந்தால் ஒரு கட்டு, யோசித்து வந்தால் இன்னொன்று, வரவே இல்லையென்றால் மூன்றாவது. 700 அட்டைக்கு முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். முதல் கட்டை மூட்டை கட்டி வைத்துவிடலாம். தெரிந்ததையே திரும்பப் பார்ப்பது மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் நேரம் அதில்தான் கரையும். மூன்றாவது கட்டில் 60 சொல் இருந்தால் திங்கள் முதல் வியாழன் வரை இரவுக்கு 15. அதற்கு மேல் இருப்பதை விட்டுவிடுவதே நல்லது.

அந்த 15 சொல்லையும் தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் படித்து, உடனே விளக்கை அணைத்துவிட வேண்டும். நடுவில் கைபேசி கூடாது. படித்தது தூக்கத்தில்தான் மூளையில் நிலைபெறுகிறது. விழித்திருக்கும்போது புதிதாக வந்து சேர்பவை அதைக் குழப்பும். 1924-லேயே ஜென்கின்ஸும் டாலென்பாக்கும் பொருளற்ற அசைகளைப் படிக்க வைத்து இந்த வேறுபாட்டைக் காட்டினார்கள்.

காலையில் எழுந்ததும், வேறு எதையும் பார்க்கும் முன், அதே 15 அட்டையையும் பொருளை மறைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் நம்பலாம். இரவில் “தெரியும்” என்று தோன்றுவது பெரும்பாலும் சற்றுமுன் பார்த்ததன் மிச்சம். காலையில் 15-இல் பத்து, பதினொன்று வந்தால் சரியான வேகம். ஏழு, எட்டுதான் வருகிறதென்றால் மறுநாள் இரவு பத்தாகக் குறைக்க வேண்டும். யோசித்து வந்த இரண்டாவது கட்டுக்கு மதியமும் மாலையும் பத்துப் பத்து நிமிடம்.

காலையில் தவறியவற்றுக்கு மட்டும் நினைவுக் கொக்கி போடலாம். ‘மதோ’ என்றால் ஜன்னல். ஜன்னல் கம்பிக்குள் மாடு தலையை நுழைத்துச் சிக்கிக்கொண்டு முழிக்கிறது. ‘உமி’ என்றால் கடல். அலை அலையாக நெல் உமி கரையில் ஒதுங்குகிறது. மாட்டை மட்டும் நினைத்தால் போதாது, ஜன்னலும் அதே காட்சிக்குள் இருக்க வேண்டும். பொருள் காட்சிக்கு வெளியே நின்றால், தேர்வில் மாடுதான் நினைவுக்கு வரும், ஜன்னல் வராது.

ஒரு கொக்கியில் இரண்டு சொல்லை மாட்டவே கூடாது. ‘அமெ’ மழை, ‘அமாய்’ இனிப்பானது. இரண்டுக்கும் ஆமையைத்தான் கை தேடும். மழையில் நனையும் ஆமை என்று ஒன்றுக்கு வைத்துவிட்டால், மற்றதைக் கொக்கி இல்லாமல், ‘அமாய் கேக்’ என்று தொடராகவே படிப்பது மேல்.

உச்சரிப்பில் நெருக்கமான இணைகளை ஒரே இரவில் படிக்கக் கூடாது. 4-ஆம் தேதி ‘யொக்கா’, 8-ஆம் தேதி ‘யோகா’. ஒன்றில் குறிலும் ஒற்றும், மற்றதில் நெடில். தமிழ்க் காதுக்கு இந்த வித்தியாசம் எளிதாகவே பிடிபடும். ஆனாலும் ஒன்றைத் திங்களும் மற்றதைப் புதனும் படித்து, வெள்ளியன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு. நமக்கு நிஜமான ஆபத்து வேறிடத்தில். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘டெங்கி’தான். ஹிரகானாவில் மின்சாரத்தின் முதல் எழுத்துக்கு மேல் மட்டும் இரண்டு சிறு கோடு இருக்கும், தேர்வில் கேட்பதும் அதைத்தான். அதனால் அட்டையில் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு இருந்தால் இந்த வாரமே அடித்துவிடுங்கள்.

ஆங்கி என்ற அட்டைச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் புதிய அட்டைகளின் தினசரி எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, தேடலில் இதைக் கொடுக்கலாம்:

```
rated:7:1
```

கடந்த ஏழு நாளில் ‘Again’ அழுத்திய அட்டைகள் மட்டும் வரும். வெள்ளியன்று இந்தப் பட்டியலே போதும்.

சனிக்கிழமை புதிய சொல் எதுவும் வேண்டாம். காலையில் தவறியவற்றை இரண்டு முறை, மாலையில் ஒரு முறை. வழக்கமான தூக்க நேரத்தை மாற்றக் கூடாது. சீக்கிரம் படுத்தால் தூக்கம் வராமல் புரள்வதுதான் மிஞ்சும். தேர்வன்று காலை பத்து அட்டை, தேதிகளும் ‘டெங்கி’ இணையும் மட்டும். அதன் பிறகு நுழைவுச் சீட்டு, பென்சில், அழிப்பான்.