போட்டோவில் தகரமாகத் தெரிந்த கூரை

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா வீட்டு கராஜ் ஒழுகியது. நான் இருப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்தது. பச்சை பெயிண்ட் அடித்த நெளி கூரை. நெளி தகரம் என்று நானே முடிவு கட்டி, 4.2 மீட்டரில் இரண்டு ஷீட் வெட்டி வாங்கினேன். மீட்டர் 120 ராண்ட், மொத்தம் 1,008. பக்கி வண்டி எடுத்துக்கொண்டு போய் இறங்கினால், தகரம் பழைய கூரையின் நெளிவில் உட்காரவே இல்லை. கூரை வேலைக்கு வந்தவர் ஓரத்தைப் பார்த்ததுமே கையை எடுத்துவிட்டார்.

"அண்ணா, இது ஆஸ்பெஸ்டாஸ். நான் ஆணியைக்கூடத் தொட மாட்டேன்."

நீளம் வெட்டிய ஷீட்டைக் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அன்று முழுக்க வீண்.

அதே படங்களை இரவில் திரும்பப் பார்த்தேன். விடை அதிலேயே இருந்தது. கூரை ஓரத்துக்கு நேர் கீழே பூசாத செங்கல் சுவர். இங்கே ஒரு செங்கல் 222 மில்லிமீட்டர் நீளம், சாந்தோடு சேர்த்தால் சுமார் 232. நெளி தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் 76 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அப்படியானால் இரண்டு செங்கல் நீளத்தில் ஆறு நெளிவு வந்திருக்க வேண்டும். எண்ணினால் மூன்றுதான். 'பிக் சிக்ஸ்' என்கிற பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் இடைவெளி 146, கணக்கு அப்படியே பொருந்தியது. ஐபிஆர் என்கிற இன்னொரு வகைத் தகர ஷீட்டாக இருந்தால் மேடுகள் பெட்டி போலத் தட்டையாக இருக்கும், மூன்று செங்கல் நீளத்துக்கு நாலு மேடு வரும்.

சாய்வாக எடுத்த படத்தில் இப்படி எண்ணாதீர்கள், தூரத்து நெளிவுகள் நெருங்கித் தெரியும். ஓரத்துக்கு நேர் எதிரே நின்று ஒரு படம், கீழே நின்று ஷீட்டின் வெட்டுமுனையைக் கிட்டத்தில் ஒரு படம், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பெயிண்ட் எதை மறைத்தாலும் முனையின் தடிமனை மறைக்காது. தகரம் அரை மில்லிமீட்டர்தான், ஆஸ்பெஸ்டாஸ் ஆறு இருக்கும்.

பழைய கூரையைக் கழற்ற, பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரை வைத்தோம். அந்தச் செலவு தகர விலையைத் தாண்டியது. முதலிலேயே தெரிந்திருந்தால் பெரியம்மாவிடம் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

புதுக் கூரைக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. விலை சொல்வது ஓடும் மீட்டருக்கு, சதுர மீட்டருக்கு அல்ல. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக, ஒரு ஷீட் மூடுவது 762 மில்லிமீட்டர். 120-ஐ 0.762-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 157 ராண்ட். ஆனால் கராஜின் 6 மீட்டர் அகலத்துக்கு 7.87 ஷீட் வருகிறது, முழுசாக எட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். எட்டு ஷீட் 4,032 ராண்ட், 25.2 சதுர மீட்டருக்கு. அதாவது 160. ஸ்க்ரூவும் கூலியும் தனி.

எட்டில் இரண்டு ஏற்கெனவே கராஜ் சுவரில் சாய்ந்து நின்றன. ஆறு மட்டும் வாங்கினேன்.