நூற்றிருபது

பள்ளி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பிமார் மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். பொருளியல் சேர் தை மாதம் காலமாகியிராவிட்டால் இந்த முறையும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன். அவருடைய பெயர் எழுதத் தேவையில்லை. மேல்மாடியில் மூன்றாம் பாடம் இருந்தவர்களுக்கு அந்தச் செருப்புச் சத்தமே போதும்.

நாங்கள் ஏ.எல். வர்த்தகப் பிரிவில் இருந்தது 1982இல். அந்த வருடச் சேமிப்பு வாரத்துக்கு மண்டபச் சுவரில் ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். எழுதியவன் நான்தான். கையெழுத்து வடிவாக இருந்தால் அப்படித்தான், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சேர் அதைப் பார்த்துவிட்டு நேரே வகுப்புக்கு வந்து, “போஸ்டர் எழுதின தம்பி, இஞ்ச வாரும்” என்று வெண்கட்டியை என் கையில் தந்தார்.

அரசாங்கம் இல்லாத, ஏற்றுமதி இறக்குமதி இல்லாத ஒரு சின்ன நாடு. வீடுகளும் நிறுவனங்களும் மட்டும்தான். C = 100 + 0.8Y, I = 100 என்று எழுதச் சொன்னார். C நுகர்வு, I முதலீடு, Y வருமானம். வருமானமே இல்லாவிட்டாலும் சனம் 100 செலவழிக்கும். வருமானம் நூறு கூடினால் சனம் எண்பதைச் செலவழித்து இருபதை மிச்சம் பிடிக்கும். நிறுவனங்கள் என்ன நடந்தாலும் 100 முதலீடு செய்யும். மொத்தச் செலவும் வருமானமும் சரிக்குச் சரி வரும் சமநிலை வருமானம் 1000 என்று நான் சரியாகவே கண்டுபிடித்தேன். நுகர்வு 900, சேமிப்பு 100, முதலீடும் 100.

“சரி. இப்ப உம்முடைய போஸ்டரைப் பாத்துச் சனம் திருந்தீட்டுது. எந்த வருமானத்திலயும் முந்தியைவிட 20 கூடச் சேமிக்குது. நாட்டின்ர சேமிப்பு எவ்வளவு?”

இதில் என்ன கஷ்டம்? 120 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

“அந்த 20 எங்க இருக்குது தம்பி?”

“பாங்கில, சேர்.”

“பாங்கில இருந்து?”

“முதலீட்டுக்குப் போகும், சேர்.”

“முதலீடு 100 எண்டு நீர்தானே மேல எழுதி வச்சிருக்கிறீர். போஸ்டரைப் பாத்து அதுவும் கூடீட்டுதோ?”

வகுப்பு சிரித்தது. மணி அடிக்கும் வரை டஸ்டரோடு அங்கேயே நின்றேன். சேர் என்னைத் தொடாமல், 120ஐ அழிக்காமல், அதன் பக்கத்திலேயே மிச்சக் கணக்கை எழுதினார். அன்றைய அவமானத்தில் பாதிதான் காதில் விழுந்தது. மற்றப் பாதியைப் பிறகு கொப்பியில் படித்தேன்.

அவர் எடுத்த உதாரணம் நம் கன்ரீன். சனம் 20க்குச் சாமான் குறைத்து வாங்கினால் கன்ரீன்காரருக்கு வருமானம் 20 குறையும். ஒருத்தற்ற செலவு மற்றவற்ற வரவு, இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். வருமானம் குறைந்த கன்ரீன்காரர் தன் செலவில் 16ஐக் குறைப்பார். அந்த 16 வராமல் போன மாக்கடைக்காரர் 12.8ஐக் குறைப்பார். இப்படித் தேய்ந்து தேய்ந்து போய், எல்லாவற்றையும் கூட்டினால் 100 வரும். வருமானம் 1000இலிருந்து 900க்கு இறங்கி அங்கே நிற்கும்.

இனிச் சேமிப்பைப் பாருங்கள். ஆசைப்பட்டுக் கூட்டியது 20. வருமானம் 100 குறைந்ததால், நூறுக்கு இருபது என்ற கணக்கில், கையை விட்டுப் போனதும் 20. நாடு முழுக்கச் சிக்கனம் பிடித்தும் சேமிப்பு பழைய 100தான். நூறு ரூபாய் வருமானம் போனதுதான் மிச்சம். சிக்கன முரண்பாடு என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். தனி ஒருவன் சேமித்தால் அவனுடைய வருமானம் குறையாது, குறைவது பக்கத்துக் கடைக்காரருடையது. எல்லோரும் ஒன்றாகச் செய்யும்போது எல்லோருமே யாரோ ஒருவருக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

வீட்டுக்குத் தந்த கணக்கு இன்னும் கொடியது. முதலீட்டை 100 என்று கட்டி வைக்காமல் I = 0.1Y என்று போடச் சொன்னார். வியாபாரம் படுத்தால் எவன் புது மெஷின் வாங்குவான்? தொடக்கத்தில் அதே 1000, அதே 100. சனம் அதே 20ஐக் கூட்டிச் சேமிக்க முயன்றால் வருமானம் 800க்குப் போகும், சேமிப்பு 80க்கு இறங்கும். கூடச் சேமிக்கப் போய் உள்ளதும் போனது. விடை பிழையென்று நினைத்து இரவு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

அந்த 20 எங்கே என்று கண்ணால் கண்டது 2009இல், ரொறன்ரோவில், ஒரு தளபாடக் கம்பனிக் களஞ்சியத்தில். பலகைத் தட்டுகளை எண்ணுவதுதான் என் வேலை. முந்தின வருட இறுதியிலிருந்தே வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சனம் கையை இறுக்கிவிட்டது. சோபாக்கள் வந்தன, போகவில்லை. கூரை வரை அடுக்கி, பிறகு நடைபாதையிலும் அடுக்கினோம். தேசிய கணக்கில் விற்காத சரக்கும் முதலீடாகத்தான் பதிவாகும். யாரும் விரும்பிச் செய்யாத முதலீடு. அதனால்தான் ஏட்டில் சேமிப்பும் முதலீடும் எப்போதும் சமமாகத் தெரியும், வியாதி வெளியே தெரியாது. வியாதியைப் பார்க்க வேண்டுமென்றால் களஞ்சியத்துக்குத்தான் போகவேண்டும். மூன்றாம் மாதம் கம்பனி புது ஓடரை நிறுத்தியது. எனக்கு நாற்பது மணித்தியாலம் இருபத்துநாலு ஆனது. நான் சனிக்கிழமைக் கொத்துரொட்டியை நிறுத்தினேன். கடைக்காரர் நம் கல்லூரிதான், 79 பாட்ச், இரண்டாவது சமையற்காரரை நிற்பாட்டினார். கொப்பியில் இருந்த 16ம் 12.8ம் என் தெருவில் நடந்துபோயின.

அதற்காகச் சேமிப்பே பாவம் என்று சேர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆங்கிலேயப் பொருளியலாளர் கேய்ன்ஸ் 1931இல் வானொலியில், நீங்கள் ஐந்து சிலிங் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவனை ஒரு நாள் வேலையில்லாமல் ஆக்குகிறீர்கள் என்று பேசியதைச் சொல்லிவிட்டு, “அது மந்தகாலப் பேச்சு, மறந்திடாதேங்கோ” என்றும் சொன்னார். தொழிற்சாலை பாதி பூட்டிக் கிடந்து, விலையும் வட்டியும் அசையாமல் நின்றால்தான் இந்தக் கணக்கு ஓடும். எல்லோரும் வேலையில் இருக்கும் நாட்டில் சனம் நுகர்வைக் குறைத்தால், விடுபடும் ஆட்களும் சீமெந்தும் அணை கட்டப் போகலாம். வட்டி இறங்கி முதலீடு கூடினால் அந்த 20க்கு ஓர் இடம் கிடைத்துவிடும். எங்களைப் போன்ற இறக்குமதி நாட்டில் குறைத்தது வெளிநாட்டுத் துணி என்றால் அடி விழுவது வேறு யாருக்கோ. போஸ்டரில் பிழையில்லை, எந்த வருடம் ஒட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி என்றார். போஸ்டரைக் கழற்றச் சொல்லவுமில்லை.

2011இல் ஒரு நண்பரிடம் இலக்கம் வாங்கி அவரோடு பேசினேன். சோபாக் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப இருபதைக் கண்டுபிடிச்சிட்டீர். இருபத்தேழு வருசம் எடுத்தது ஆருக்கு?” என்றவர், கணக்குச் சரியா என்று தானே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “இல்லை, இருபத்தொன்பது” என்றார். எப்ப வாறீர் என்று கேட்டார். ரிக்கற்றுக்குச் சேர்க்கிறேன் சேர், அடுத்த வருசம் என்றேன்.

பிறகும் இரண்டு மூன்று தடவை பேசினோம். ஒவ்வொரு தடவையும் அடுத்த வருசம்தான். ரிக்கற்றுக்கென்று தனியாகத் திறந்த கணக்கு இன்னும் இருக்கிறது. செய்தி வந்த கிழமை அதன் வருடாந்தக் கூற்றும் தபாலில் வந்தது. இரண்டு பேர் போய்வரக் காணும்.